படத்தில் பெரிய பள்ளம், கடையில் வேறு பள்ளம்



சில மாதங்களாக ஆசிரியர் குழுவுக்கு வரும் கடிதங்களோடு ஒரு படமும் சேர்ந்து வருகிறது. மேலே அகலமாகத் தொடங்கி, படிப்படியாக ஒடுங்கி, கடைசியில் ஒரு கீற்றாக முடியும் ஃபனல் படம். கடையின் இணையதளத்தை அமைத்துக் கொடுத்த பையனோ, விளம்பரம் போட்டுத் தரும் ஏஜென்சியோ கொடுத்திருப்பார்கள். கூடவே கேள்வியும் இருக்கும்: "வாடிக்கையாளர்கள் எந்த இடத்தில் அதிகமாக விலகிப் போகிறார்கள்? அங்கே எதை மாற்றிப் பார்க்கலாம்?"

ஒரே மூச்சில் கேட்கப்பட்டாலும் இவை இரண்டு தனிக் கேள்விகள். முதலாவதற்கு எண்ணைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதிலையே இரண்டாவதற்கும் எடுத்துக்கொண்டால்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. அதிகம் பேர் விலகும் படிக்கும், நீங்கள் கை வைக்க வேண்டிய படிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. இந்த மாதம் அதைத்தான் ஓர் உதாரணக் கடையை வைத்து, பொறுமையாகப் பார்க்கப் போகிறோம்.

சென்னிமலைப் போர்வைகளை இணையத்தில் விற்கும் ஒரு கடை. கடை கற்பனைதான், எண்களும் கணக்கு எளிதாக வரவேண்டும் என்று நான் போட்டவை. ஒரு போர்வை 650 ரூபாய். டெலிவரி சார்ஜ் 90 ரூபாய். 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். ஒரு மாதத்தின் படம் இப்படி இருக்கிறது:

பொருள் பக்கத்தைப் பார்த்தவர்கள்: 20,000
கார்ட்டில் போட்டவர்கள்: 1,600
செக்அவுட்டைத் தொடங்கியவர்கள்: 1,040
முகவரியை நிரப்பி முடித்தவர்கள்: 520
பணம் கட்டும் வழியைத் தேர்ந்தவர்கள்: 442
வாங்கியவர்கள்: 333

கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருப்பவர்கள் இதே படிகளை view_item, add_to_cart, begin_checkout, add_shipping_info, add_payment_info, purchase என்ற பெயர்களில் பார்த்திருப்பீர்கள். அதில் இது ஃபனல் வடிவில் இல்லாமல், உயரம் குறைந்துகொண்டே போகும் கட்டங்களாக வரும். விஷயம் ஒன்றுதான்.

படத்தைப் பார்த்ததும் கண் எங்கே போகிறது? முதல் படிக்கு. 20,000 பேர் வந்து 1,600 பேர்தான் கார்ட்டில் போட்டிருக்கிறார்கள். 18,400 பேர் போய்விட்டார்கள். நூற்றுக்கு 92 பேர்! ஏஜென்சிக்காரர் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவதும் அந்த இடத்தைத்தான். உடனே புதிய புகைப்படம் எடுக்கிறோம், பொருள் பக்கத்தை மாற்றி அமைக்கிறோம், பட்டனின் நிறத்தை மாற்றுகிறோம்.

கொஞ்சம் நிதானிப்போம். அந்த 20,000 பேர் யார்? இன்ஸ்டாகிராமில் அழகான கோடு போட்ட போர்வை கண்ணில் பட்டதும் தொட்டுப் பார்த்தவர்கள். விலை எவ்வளவு என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள். தவறிப்போய் விரல் பட்டவர்கள். பக்கத்துக் கடைக்காரர்கள்கூட இருப்பார்கள். போட்டியாளர் என்ன விலை போடுகிறார் என்று பார்க்காத வியாபாரி உண்டா? இவர்களில் பெரும்பாலோர் வாங்கும் எண்ணத்தோடு வரவே இல்லை. வராத எண்ணத்தை இழந்துவிட்டதாகக் கணக்கு எழுத முடியாது. மேல் படியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போவது இணைய வியாபாரத்தில் அன்றாடம் நடப்பது. விளம்பரத்துக்குக் கூடுதலாகச் செலவழித்தால் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். கடையில் எந்தக் குறையும் புதிதாக முளைத்திருக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைக் கவனியுங்கள். கடைசி விற்பனை என்பது எல்லாப் படிகளின் விகிதங்களையும் பெருக்கி வருவது. ஆகவே எந்தப் படியைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தினாலும் விற்பனை அதே பத்தில் ஒரு பங்குதான் உயரும். முதல் படி 8 சதவீதத்திலிருந்து 8.8 ஆனாலும் சரி, முகவரிப் படி 50 சதவீதத்திலிருந்து 55 ஆனாலும் சரி, பலன் ஒன்றே. பள்ளத்தின் ஆழம் எந்தப் படிக்கும் தனி முன்னுரிமை கொடுப்பதில்லை. அப்படியானால் கேட்க வேண்டியது, "எந்தப் படி எளிதில் அசையும்?" என்பது. விளையாட்டாகப் பார்க்க வந்த 18,400 பேரின் மனதை மாற்றுவது கடினம். செக்அவுட் பட்டனை அழுத்தியவர் ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவர். அவர் எழுந்து போகிறார் என்றால் நடுவில் ஏதோ ஒன்று அவரைத் துரத்தியிருக்கிறது. அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் நம் கையில் இருப்பது.

ஆனால் அதைத் தேடுவதற்கு முன், படம் உண்மை சொல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வந்த படங்களில் பலவற்றில் இதுதான் விடுபட்டிருக்கிறது.

கடைசிப் படியைப் பாருங்கள். பணம் கட்டும் வழியைத் தேர்ந்தவர்கள் 442, வாங்கியவர்கள் 333. நாலில் ஒருவர் பணம் கட்டும் இடத்தில் போய்விட்டார் என்கிறது படம். இப்போது கடையின் ஆர்டர் பதிவேட்டைத் திறந்தால் அதே மாதத்தில் 364 ஆர்டர்கள் இருக்கின்றன. 31 பேர் பணம் கட்டிப் பொருளும் வாங்கியிருக்கிறார்கள். படம் அவர்களைப் பார்க்கவே இல்லை.

இது எப்படி நடக்கிறது? யுபிஐ வழியாகப் பணம் கட்டுபவர் உங்கள் பக்கத்திலிருந்து கூகுள் பேவுக்கோ ஃபோன்பேவுக்கோ போகிறார். பின் நம்பரைப் போடுகிறார். பணம் போய்விட்டது என்று பச்சை டிக் வருகிறது. அத்தோடு போனைப் பையில் போட்டுவிடுகிறார். உங்கள் கடைப் பக்கத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. பேமென்ட் கேட்வே உங்கள் சர்வருக்குத் தனியாகத் தகவல் சொல்லிவிடுவதால் ஆர்டர் பதிவாகிவிடும். purchase என்ற எண்ணிக்கையோ, பெரும்பாலான கடைகளில், 'நன்றி' பக்கம் திறந்தால்தான் ஏறும். திறக்காத பக்கத்தில் எண்ணிக்கை எப்படி ஏறும்? ஆகவே பணம் கட்டும் படி சரியில்லை என்று கேட்வேயை மாற்றக் கிளம்புவதற்கு முன், படத்தின் கடைசி எண்ணை ஆர்டர் பதிவேட்டோடும் கேட்வே கணக்கோடும் ஒத்துப் பாருங்கள். எண்ணிக்கையை சர்வரிலிருந்தே அனுப்பும் ஏற்பாட்டை உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு வாங்கலாம். நாம் இங்கே 364 என்றே வைத்துக்கொள்வோம். 442-இல் 364 என்றால் 82 சதவீதம். அந்தப் படியின் பள்ளத்தில் ஒரு பகுதி காணாமல் போயிற்று, ஒரு ரூபாய் செலவில்லாமல்.

இதே மாதிரி மேல் படியிலும் ஒன்று உண்டு. 'இப்போதே வாங்கு' என்ற பட்டன் உங்கள் தளத்தில் இருந்தால், அதை அழுத்துபவர் கார்ட்டைத் தொடாமலே செக்அவுட்டுக்குப் போவார். ஃபனல் படத்தைப் படிகள் வரிசையாக நடந்தால்தான் எண்ணும்படி அமைத்திருந்தால், அவர் கார்ட் படியிலேயே விலகியவராகி விடுவார். பொருளை வாங்கிக்கொண்டு போனவரை, வாங்காமல் போனவர் கணக்கில் எழுதியிருப்போம். தாண்டிப் போகக்கூடிய படியைப் படத்தில் வைக்காமலிருப்பதே நல்லது. நம் உதாரணக் கடையில் அந்தப் பட்டன் இல்லை.

இனி செக்அவுட்டுக்கு வருவோம். 1,040 பேர் தொடங்கி, 520 பேர்தான் முகவரியை முடித்திருக்கிறார்கள். சரிபாதி. வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் பெயரும் முகவரியும் கேட்டதும் எழுந்து போயிருக்கிறார்கள். அடுத்த படியில் 85 சதவீதம் பேர் கடந்துவிடுகிறார்கள், அதற்கடுத்த படியில் 82. இந்த ஒரு படி மட்டும் தன் அக்கம்பக்கத்தோடு ஒட்டவில்லை.

இத்தனை பேர் என்று மொத்தமாகப் பார்த்தால் காரணம் தெரியாது. பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் போனில் வந்தவர், கணினியில் வந்தவர் என்று பிரிக்கலாம். செக்அவுட்டைத் தொடங்கிய 1,040 பேரில் போனில் இருந்தவர்கள் 900. அவர்களில் முகவரியை முடித்தவர்கள் 415. அதாவது 46 சதவீதம். கணினியில் இருந்தவர்கள் 140, முடித்தவர்கள் 105. அதாவது 75 சதவீதம்.

இதைப் பார்த்ததும் "போனில் படிவம் சரியில்லை" என்று சொல்லத் தோன்றும். இருக்கலாம். ஆனால் கணினியில் வாங்குபவர் வேறு மாதிரி ஆளாகவும் இருக்கலாம். பஸ்ஸில் போனில் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கணினியில் வாங்குபவர் ஒருவரே. லாகின் செய்யாதவரை படத்துக்கு அவர் இரண்டு பேர். போன் கணக்கில் விலகியவர், கணினிக் கணக்கில் வாங்கியவர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது: மற்ற படிகளிலும் இதே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியை முடித்து, பணம் கட்டும் வழியைத் தேர்ந்தவர்கள் போனில் 415-க்கு 352, கணினியில் 105-க்கு 90. இரண்டுமே ஏறக்குறைய 85 சதவீதம். கணினிக்காரர்கள் பொதுவாகவே உறுதியானவர்கள் என்றால் அந்தப் படியிலும் முந்தியிருப்பார்கள். முந்தவில்லை. ஆகவே சந்தேகத்தை முகவரிப் பக்கத்தின் மேல், குறிப்பாகப் போனில் அது நடந்துகொள்ளும் விதத்தின் மேல், துணிந்து வைக்கலாம்.

அந்தப் பக்கத்தில் என்னதான் நடக்கிறது? கடைக்காரர்கள் பலர் தங்கள் கடையில் தாங்களே ஒரு பொருளை வாங்கிப் பார்த்து வருஷமாகியிருக்கும். நீங்களே போனில், மொபைல் டேட்டாவில், புதிய வாடிக்கையாளராக ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். நம் கடையில் மூன்று விஷயங்கள் அந்தப் பக்கத்தில் நடக்கின்றன. போன் நம்பரைக் கேட்டு ஓடிபி அனுப்புகிறது. அது வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கதவு எண், தெரு, ஊர், அடையாளம் என்று நீண்ட படிவம். பின்கோடு போட்டதும், அதுவரை எங்கும் சொல்லப்படாத 90 ரூபாய் டெலிவரி சார்ஜ் மொத்தத் தொகையில் ஏறி நிற்கிறது. போன் திரையில் அது பளிச்சென்று தெரியும்; கணினியில் ஓரத்தில் இருக்கும்.

மூன்றில் யார் குற்றவாளி? இணையக் கடைகளின் செக்அவுட்டை நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம், கார்ட்டில் போட்டதை விட்டுவிட்டுப் போவது சராசரியாகச் சுமார் 70 சதவீதம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒதுக்கிவிட்டால், விட்டுப் போனதற்கு மக்கள் சொல்லும் முதல் காரணம் டெலிவரி, வரி போன்ற கூடுதல் செலவு. அது அவர்கள் கேட்ட அமெரிக்க வாடிக்கையாளர்களின் பதில். நம் ஊருக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். நம் கடையிலேயே சாட்சி இருக்கும்போது அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்?

சாட்சி அந்த 999 ரூபாய்க் கோடு. அதற்கு மேல் வாங்குபவருக்கு டெலிவரி சார்ஜ் கிடையாது. ஓடிபியும் படிவமும் எல்லோருக்கும் ஒன்றுதான். செக்அவுட்டைத் தொடங்கியவர்களில் கோட்டுக்கு மேலே இருந்தவர்கள் 300. முகவரியை முடித்தவர்கள் 216. நூற்றுக்கு 72. கோட்டுக்குக் கீழே 740; முடித்தவர்கள் 304. நூற்றுக்கு 41. ஓடிபிதான் துரத்துகிறது என்றால் இரு பக்கமும் ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். ஆனால் இங்கும் உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இரண்டு போர்வை எடுப்பவர் ஒன்று எடுப்பவரைவிட உறுதியானவராக இருப்பது இயல்பு. சார்ஜைத் தவிர்க்கவே இரண்டாவது போர்வையைச் சேர்த்துக்கொண்டவரும் அதில் இருப்பார். கோட்டுக்கு மேலேயும் 28 சதவீதம் பேர் விலகியிருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அது படிவமும் ஓடிபியும் செய்த வேலையாக இருக்கலாம்.

இன்னொரு சாட்சியும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற இலவசக் கருவியைத் தளத்தில் சேர்த்தால், வந்தவர்கள் பக்கத்தில் எங்கே தொட்டார்கள், எங்கே நின்றார்கள், எங்கிருந்து திரும்பினார்கள் என்பதைப் பதிவுகளாகப் பார்க்கலாம். முகவரிப் பக்கத்தில் விலகியவர்களின் பதிவுகளை மட்டும் தேர்ந்து ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். ஓடிபி கட்டத்தில் நின்று போனவர்களா, தெருப் பெயரில் தடுமாறியவர்களா, பின்கோடு போட்டு, கீழே மொத்தத் தொகை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களா? இந்த மூன்றாவது வகை அதிகம் என்றால் சந்தேகம் ஏறக்குறைய ஒரே ஆள் மேல் வந்துவிடும். நம் கடையில் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம்.

சரி, எதைச் சோதிப்பது? "பொருள் பக்கத்திலேயே டெலிவரி 90 ரூபாய் என்று எழுதிவிடலாம்" என்பது முதலில் தோன்றும் யோசனை. நேர்மையான யோசனை. ஆனால் அதைச் சோதிக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். சார்ஜ் பிடிக்காதவர்கள் இப்போது முதல் பக்கத்திலேயே போய்விடுவார்கள். கார்ட்டில் போடுபவர்கள் 1,600-இலிருந்து 1,400 ஆகக் குறையலாம். முகவரிப் படியோ 50 சதவீதத்திலிருந்து 62 ஆக ஏறலாம். முகவரிப் படியை மட்டும் பார்ப்பவர் "வெற்றி" என்பார். கார்ட் படியை மட்டும் பார்ப்பவர் "நாசம்" என்பார். 1,400 பேரில் வழக்கம்போல் 65 சதவீதம் செக்அவுட்டுக்குப் போனால் 910. அதில் 62 சதவீதம் 564. பிறகு 85, 82 சதவீதங்களைக் கடந்து கையில் வருவது ஏறக்குறைய 395 ஆர்டர்கள். 364-க்கு 395. உண்மையான லாபம் சுமார் எட்டு சதவீதம். படியின் விகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். மாற்றம் எந்தப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிறதோ, அந்தப் பக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் வாங்கினார்கள் என்பதுதான் அளவுகோல்.

அடுத்த சிக்கல், இந்த எட்டு சதவீதத்தை நம் கடையால் கண்ணால் பார்க்கவே முடியாது. வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம் என்று காட்டுவதுதான் சோதனை. எத்தனை பேர் வேண்டும் என்பதற்குப் புள்ளியியல்காரர்கள் ஒரு குத்துமதிப்புச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள்:

ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஆட்கள் = 16 × p × (1 − p) ÷ d²

இதில் p என்பது இப்போதைய விகிதம். d என்பது நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசம். இந்த அளவு ஆட்கள் இருந்தால், அந்த வித்தியாசம் உண்மையிலேயே இருக்கும்போது நூறில் எண்பது முறை அது தெரிந்துவிடும். வித்தியாசமே இல்லாதபோது நூறில் ஐந்து முறை ஏமாற்றும். நம் கடையில் 20,000 பேருக்கு 364 ஆர்டர், அதாவது p = 0.0182. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் d = 0.00364. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 21,600 பேர், இரண்டுக்கும் 43,000 பேர். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கு கூடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் இதைப் போல நான்கு மடங்கு. எட்டு மாதங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆடித் தள்ளுபடி வந்து போய், தீபாவளியும் வந்து, பொங்கலும் வந்துவிடும்.

ஆகவே சிறிய கடை சின்ன மாற்றங்களைச் சோதிக்கக் கூடாது. பட்டன் நிறம், எழுத்தின் அளவு எல்லாம் கோடிக்கணக்கானோர் வந்து போகும் தளங்களின் ஆடம்பரம். நம் கடைக்கு வித்தியாசம் பெரிதாக இருக்க வாய்ப்புள்ள மாற்றம் வேண்டும். அதோடு, எந்தப் பக்கம் வென்றாலும் நமக்கு ஏதாவது தெரிய வேண்டும். நான் என்றால் இப்படிச் செய்வேன். பழைய பக்கம்: போர்வை 650, டெலிவரி 90 பின்னால் வரும், 999-க்கு மேல் இலவசம். புதிய பக்கம்: "740 ரூபாய், டெலிவரி உட்பட. இரண்டு எடுத்தால் 1,300." கூட்டிப் பாருங்கள். ஒரு போர்வை வாங்குபவர் இரு பக்கத்திலும் 740-தான் கட்டுகிறார். இரண்டு வாங்குபவர் இரு பக்கத்திலும் 1,300-தான். ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு வேறு விலை என்ற பேச்சுக்கு இடமில்லை. மாறுவது, தொகையை எப்போது சொல்கிறோம் என்பது மட்டுமே. புதிய பக்கம் வென்றால், கடைசி நேரத்தில் வந்த அதிர்ச்சிதான் அவர்களைத் துரத்தியது. வெல்லவில்லை என்றால் 740 என்ற தொகையே அவர்களுக்குக் கனமாக இருக்கிறது. அடுத்து யோசிக்க வேண்டியது கூரியர்காரரோடு பேசி 90-ஐக் குறைப்பது பற்றி.

ஓடிபியை எடுத்துவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் கணக்கு வேறு. அந்த மாற்றத்தைச் செக்அவுட்டைத் தொடங்கியவர்கள் மட்டுமே பார்ப்பார்கள். எனவே அவர்களை மட்டும் பிரித்தால் போதும். 20,000 பேரையும் உள்ளே இழுக்க வேண்டாம். 1,040 பேரில் 364 பேர் வாங்குகிறார்கள், 35 சதவீதம். அது 42 ஆகுமா என்று பார்க்க ஒரு பக்கத்துக்குச் சுமார் 750 பேர் போதும். ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் இரண்டு சோதனைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். சேர்த்துச் செய்ய வழிகள் உண்டு. இவ்வளவு குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு அந்தத் தலைவலி வேண்டாம்.

தொடங்கும் முன் முடியும் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். தினமும் காலையில் எட்டிப் பார்த்து, புதிய பக்கம் முந்தியிருக்கும் நாளில் "போதும், நிறுத்து" என்று சொன்னால், அந்த நூறில் ஐந்து என்ற ஏமாற்றம் பல மடங்காகிவிடும். ஒன்றுமே இல்லாத இரண்டு பக்கங்கள்கூட நடுவில் ஏதாவது ஒரு நாள் ஒன்றையொன்று முந்தத்தான் செய்யும். முழு வாரங்களாக ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்குபவரும் புதன்கிழமை வாங்குபவரும் ஒன்றல்ல. மாத முதல் வாரம் சம்பள வாரம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படம் 'வாங்கியவர்கள்' என்ற எண்ணோடு முடிகிறது. நம் ஊர் வியாபாரம் அங்கே முடிவதில்லை. 364 ஆர்டரில் கேஷ் ஆன் டெலிவரி 220 என்று வையுங்கள். அவற்றில் 55 பார்சல்கள், ஆள் வீட்டில் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று திரும்பி வருகின்றன. முன்பே பணம் கட்டிய 144-இல் திரும்பியவை மூன்று. உண்மையில் விற்றது 306. திரும்பிய ஒவ்வொரு பார்சலுக்கும் போன கூலி போயிற்று. பல கூரியர்கள் வந்த கூலியையும் கேட்பார்கள். எனவே படத்தின் அடியில் 'வாங்கிக்கொண்டவர்கள்' என்று ஒரு படியைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிபியை எடுத்தால் ஆர்டர் கூடும். அதோடு தப்பான நம்பர் கொடுத்தவர்களும் விளையாட்டுக்கு ஆர்டர் போட்டவர்களும் கூடுவார்கள். ஆர்டர் எண்ணிக்கையில் வென்ற பக்கம், திரும்பி வந்த பார்சல்களைக் கழித்த பிறகு தோற்றுப்போவது அபூர்வமல்ல. பார்சல் திரும்பி வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்பதால் சோதனை முடிந்தபின் அந்த நாட்களையும் சேர்த்துக் காத்திருந்துதான் தீர்ப்பு எழுத வேண்டும்.

மாதத்துக்கு நாற்பது ஆர்டர் போகும் கடைக்காரர்கள், "இதெல்லாம் எங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேட்பது காதில் விழுகிறது. பிரித்துப் பார்ப்பது வரை ஒத்துவரும். குலுக்கல் சோதனை ஒத்துவராது. நாற்பது ஆர்டரை இரண்டாகப் பிரித்தால் எந்தப் பக்கம் வென்றது என்பது வெறும் அதிர்ஷ்டம். உங்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது: விலகியவர்களில் பலர் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். "ஆர்டர் பாதியில் நின்றுவிட்டது, ஏதாவது தடங்கலா?" என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி மட்டும் அனுப்புங்கள். தள்ளுபடி கொடுத்து அழைக்காதீர்கள். அப்புறம் எல்லோரும் பாதியில் நிறுத்திவிட்டுத் தள்ளுபடிக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். பத்துப் பேர் பதில் சொன்னாலே, எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சோதிக்காமலே மாற்றிவிடலாம்.

வீடு, சோலார் பேனல், கல்யாண மண்டபம் என்று விசாரணையில் தொடங்கி மாதக்கணக்கில் முடிவாகும் வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதத்து விசாரணைகளையும் இந்த மாதத்து விற்பனையையும் ஒரே படத்தில் போடாதீர்கள். இந்த மாதம் கையெழுத்தானவர்கள் மூன்று மாதத்துக்கு முன் கேட்டவர்கள். விளம்பரத்தைக் கூட்டிய மாதத்தில் விசாரணை இரட்டிப்பாகி, விற்பனை அப்படியே இருந்து, படம் பயமுறுத்தும். பங்குனியில் கேட்டவர்களைத் தனிப் பட்டியலாக வைத்து, அவர்கள் ஆவணிவரை என்ன ஆனார்கள் என்று பின்தொடருங்கள். இதை அடுத்தடுத்த இதழ்களில் விரிவாக எழுத ஆசை.

இனிப் படம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தோடு அதே மாதத்தின் ஆர்டர் பதிவேட்டு எண்ணிக்கை, போனில் வந்தவர்களுக்கும் கணினியில் வந்தவர்களுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு படியின் எண், டெலிவரி சார்ஜ் முதன்முதலில் எந்தப் பக்கத்தில் தெரிகிறது என்ற விவரம், திரும்பி வந்த பார்சல்களின் எண்ணிக்கை இவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். வாடிக்கையாளர்களின் பெயர், நம்பர் எதுவும் வேண்டாம். இரண்டு படங்களைத் தேர்ந்து, கடையின் பெயரை மறைத்து, அடுத்த இதழில் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்